ஒரே நிறுவனம், மூன்று அறிமுகங்கள்

மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினால், அவர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பு பெரும்பாலும் மூன்று கைகளில் பிறக்கிறது. ஒருவர் தன் பழைய பயோடேட்டாவிலிருந்து நாலு வரியை வெட்டி அனுப்புகிறார். இன்னொருவர் ஒரு பக்கத்துக்குத் தன் கதையை எழுதித் தருகிறார். மூன்றாமவர், "நமக்கெதுக்குங்க அதெல்லாம், நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க" என்று நழுவிவிடுகிறார். கண்காட்சிக் கையேட்டிலோ வங்கிக் கடன் கோப்பிலோ இந்த மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும்போது, படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அவர்களுடைய வேலை அல்ல. யார் முதலாளி, யார் கூட்டாளி, யார் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர் என்ற வரிசைதான் படுகிறது. அந்த வரிசை பெரும்பாலும் உண்மையுடன் பொருந்துவதில்லை.

குறிப்புகளின் தொனியைச் சீராக்குவது என்றால் மூவருக்கும் ஒரே மாதிரியான புகழ்ச் சொற்களைப் பங்கிட்டுக் கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மூன்று பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நான் இங்கே வாதிடுவது வேறு. தொனி கெடுவது எழுத்தில் அல்ல, தகவல் திரட்டும் இடத்தில். அங்கே மூவருக்கும் ஒரே கேள்வியை வைத்துவிட்டால், எழுத்தில் பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்காக ஒரு கருவி செய்யும் நிறுவனம். மண்ணின் ஈரத்தை அளந்து, தேவையானபோது மோட்டாரை ஓட்டி, போதுமானபோது நிறுத்தும் கருவி அது. நிறுவனர்கள் மூவர். கருவியின் மின்சுற்றை வடிவமைத்த பெண் பொறியாளர். விற்பனையையும் பணத்தையும் பார்த்துக்கொள்ளும் அவருடைய கணவர், முன்னாள் வங்கி அதிகாரி. பல காலம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்திவந்த மூத்தவர் ஒருவர். இவர்களைப் பற்றிக் கைக்கு வரும் குறிப்புகள் இப்படி இருக்கும்.

வங்கி அதிகாரி: "வங்கித் துறையில் 14 ஆண்டுகள் பழுத்த அனுபவம் கொண்ட இவர், தொலைநோக்குப் பார்வையுடன் இந்நிறுவனத்தை உருவாக்கி, வெற்றிப் பாதையில் வழிநடத்தி வருகிறார்."

பொறியாளர்: "எம்.இ. பட்டதாரியான திருமதி, கணவருக்கு உறுதுணையாக இருந்து தொழில்நுட்பப் பணிகளைக் கவனித்துக்கொள்கிறார். கடின உழைப்பாளி. இரண்டு குழந்தைகளின் தாய்."

பட்டறைக்காரர்: "மோட்டார் வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர். எளிமையான மனிதர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி."

இவற்றில் பொய் என்று எதுவும் இல்லை. மூன்றும் அன்போடு எழுதப்பட்டவைதான். ஆனால் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். வங்கி அதிகாரி "உருவாக்கி", "வழிநடத்தி வருகிறார்". பொறியாளர் "கவனித்துக்கொள்கிறார்", அதுவும் இன்னொருவருக்கு உறுதுணையாக இருந்துகொண்டு. பட்டறைக்காரருக்கு வினையே இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்தார் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கருவியைச் செய்தவர் யார் என்று இந்தப் பக்கத்தைப் படித்து ஒருவராலும் சொல்ல முடியாது. குழந்தைகளைப் பற்றிய வரியையும் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் தந்தை மேலே இருக்கும் குறிப்புக்கு உரியவர். அங்கே அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தச் சாய்வு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஒருவர் இன்னொருவரை எப்படி அறிமுகம் செய்கிறார் என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்காக வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்துப் பார்த்தது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் நீளம் குறைந்திருந்தன. அவர்களுடைய உழைப்பையும் சிரத்தையையும் பாராட்டும் சொற்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன. ஆண்களுக்கான கடிதங்களில் ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு அதிகம். "கடின உழைப்பாளி" என்ற சொல் பாராட்டாகவே எழுதப்படுகிறது. ஆனால் அது எதைச் செய்தார் என்ற கேள்விக்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது.

2017இல் வந்த இன்னொரு ஆய்வு, மேயோ கிளினிக் மருத்துவர்கள் கருத்தரங்குகளில் பேச்சாளர்களை எப்படி அறிமுகம் செய்தார்கள் என்பதை ஒளிப்பதிவுகளிலிருந்து எண்ணிப் பார்த்தது. அறிமுகம் செய்தவர் ஆணாக இருந்தபோது, ஆண் பேச்சாளர்களை சுமார் 72 சதவீதம் முறை டாக்டர் பட்டத்தோடு சொன்னார்கள். பெண் பேச்சாளர்களை 49 சதவீதம் முறைதான் அப்படிச் சொன்னார்கள். பெண்கள் அறிமுகம் செய்தபோது ஏறக்குறைய எல்லோருக்கும் பட்டம் வந்தது. 2018இல் ஸ்தாவ் அதிர், மெலிஸா ஃபெர்குசன் ஆகியோர் காட்டியது வேறொன்று: துறை வல்லுநர்களைக் குடும்பப் பெயரால் மட்டும் சுட்டுவது ஆண்கள் விஷயத்தில் இரு மடங்குக்கும் மேல் நடக்கிறது, அப்படிச் சுட்டப்படுபவர்களைப் படிப்பவர்கள் அதிகப் புகழ் வாய்ந்தவர்களாகக் கருதுகிறார்கள்.

இவை அமெரிக்கக் கடிதங்களையும் அமெரிக்க மேடைகளையும் பற்றியவை. தமிழில் இதே சாய்வு வேறு வழியில் வருகிறது. நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. எல்லோருக்கும் "ஆர்" விகுதி போட்டு எழுதிவிடுவதால் மரியாதை சமமாக இருப்பதுபோலவும் தோன்றிவிடும். வித்தியாசம் ஒளிந்திருப்பது சொல்லைத் தேர்ந்தெடுப்பதில். ஒரே பக்கத்தில் வங்கிக்காரர் "பணியாற்றினார்", பட்டறைக்காரர் "வேலை பார்த்தார்". ஒருவர் "பட்டம் பெற்றார்", இன்னொருவர் "ஐ.டி.ஐ. வரை படித்திருக்கிறார்". அந்த "வரை" என்ற ஒட்டு, அதற்கு மேல் போகவில்லை என்று சொல்லாமல் சொல்கிறது. மூன்று பேருக்கும் "வேலை பார்த்தார்" என்று எழுதினாலும் சரி, மூன்று பேருக்கும் "பணியாற்றினார்" என்று எழுதினாலும் சரி. எனக்கு முதலாவது பிடிக்கும். ஆனால் வங்கிக் கோப்புக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். கலக்கக் கூடாது என்பதுதான் முக்கியம்.

பெயருக்கு முன்னால் வருவதும் அப்படியே. "திரு." ஒருவருடைய திருமணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, "திருமதி", "செல்வி" இரண்டும் சொல்லிவிடுகின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு, பெயரையும் தலைப்பெழுத்தையும் மட்டும் வைப்பது நல்லது. தலைப்பெழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. திருமணமான பெண்ணுக்குத் தந்தையின் எழுத்தா, கணவரின் எழுத்தா என்பதை எழுதுபவர் ஊகித்துவிடுகிறார். அவரிடமே கேட்க வேண்டும். அவருடைய பட்டச் சான்றிதழிலும் நிறுவனப் பதிவிலும் எது இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் முனைவர் பட்டம் பெற்றிருந்தால் அதைப் பெயருக்கு முன்னால் போடாமல், படிப்பைச் சொல்லும் வாக்கியத்துக்குள் கொண்டுபோய்விடலாம். பட்டத்தை மறைக்க வேண்டும் என்பதல்ல இதன் நோக்கம். மற்ற இருவருடைய பெயர் அதன் பக்கத்தில் மொட்டையாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனித் தகவல் திரட்டுவதற்கு வருவோம். நிறுவனங்கள் வழக்கமாகக் கையாளும் வழிகள் சில. ஆளுக்கு ஆள் தன்னைப் பற்றித் தானே எழுதுவது ஒன்று. மூவருக்கும் நன்றாக எழுத வந்தால் இதில் உயிர் இருக்கும். மூவரில் ஒருவருக்கு எழுத்து வராதென்றால், அவர் வேலை அளவில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பக்கத்தில் சிறுத்துவிடுவார். ஒரு நிறுவனரே மூவருக்கும் எழுதுவது இன்னொன்று. மேலே பார்த்த குறிப்புகள் அப்படி எழுதப்பட்டவை போலத்தான் ஒலிக்கின்றன: தன்னைப் பற்றி எழுதும்போது வேலையையும், மற்றவர்களைப் பற்றி எழுதும்போது குணத்தையும் எழுதுவது மனித இயல்பு. படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வது மூன்றாவது வழி. இதில் அளவு சீராக வரும், ஆனால் வாய் பேசாதவர் படிவத்திலும் பேசமாட்டார்.

என் அனுபவத்தில் நம்பத்தகுந்தது, நிறுவனர் அல்லாத ஒருவர் மூவரிடமும் தனித்தனியே நேரில் உட்கார்ந்து, ஒரே கேள்விகளை, ஒரே அளவு நேரம் கேட்பது. கேள்விகள் நாலு போதும். நீங்கள் முடிவு சொல்லாமல் இந்த நிறுவனத்தில் நடக்காத வேலை எது? இதற்கு முன் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எங்கே என்ன செய்தீர்கள்? இங்கே நீங்கள் செய்த மாற்றங்களில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ஏன் அதைச் செய்ய வேண்டிவந்தது? இந்த வேலையை எங்கே, எப்படிக் கற்றீர்கள்? வேலைக்கு வெளியே ஏதாவது சொல்ல விரும்பினால் அதைக் கடைசியில் கேட்கலாம், மூவரிடமும் கேட்பதாக இருந்தால் மட்டும்.

மூன்றாவது கேள்விதான் கதவைத் திறக்கிறது. பட்டறைக்காரரிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பதில் வராது. "ஸ்டார்ட்டரில் என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டால், விவசாய மின் இணைப்பில் மும்முனையில் ஒரு ஃபேஸ் போய்விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை, மிச்சமிருக்கும் இரண்டிலேயே இழுத்துக்கொண்டு ஓடி, சூடேறி, காயில் எரிந்துவிடும் என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். தோப்பில் ஆள் இருந்தால் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்திவிடுவார். கருவி தானாக ஓட்டும்போது கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் கருவி முதலில் மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நடுவில் ஒன்று போனாலும் உடனே நிறுத்த வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார் என்பது அப்போதுதான் வெளியே வரும். "எளிமையான மனிதர்" என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

மூன்று உரையாடல்களும் முடிந்த பிறகு குறிப்புகள் இப்படி அமையலாம்.

பொறியாளர்: "கருவியின் மின்சுற்றையும் அதை இயக்கும் மென்பொருளையும் வடிவமைப்பவர். 2010 முதல் 2019 வரை இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஈரத்தை அளக்கும் உலோகக் கம்பிகள் உப்புத் தண்ணீர் பாயும் தோப்புகளில் சீக்கிரமே அரித்துப்போனதால், உலோகம் மண்ணில் படாமல் அளக்கும் வகைக்கு மாற்றினார். எம்.இ. பட்டம் பெற்றவர், களத்தில் கருவி பழுதாவதைப் பார்க்கக் கற்றது தோப்புகளில்."

பட்டறைக்காரர்: "கருவியை மோட்டாருடனும் ஸ்டார்ட்டருடனும் இணைக்கும் முறையை முடிவு செய்பவர். 1992 முதல் 2019 வரை மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தார், அதில் பெரும்பகுதி சொந்தப் பட்டறை. ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் ஓடி காயில் எரிவதைத் தடுக்க, மூன்று ஃபேஸும் இருந்தால் மட்டுமே கருவி மோட்டாரை ஓட்டும்படி செய்தார். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பயிற்சி பெற்றவர், காயில் கட்டக் கற்றது பட்டறையில்."

வங்கி அதிகாரி: "விலை, விற்பனை, கடன், வசூல் ஆகியவற்றை முடிவு செய்பவர். 2005 முதல் 2019 வரை வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை பார்த்தார். தோப்புக்காரர்கள் கையில் பணம் புழங்குவது தேங்காய் வெட்டின் போதுதான் என்பதால், கருவியின் விலையை மாதத் தவணையாக வாங்காமல் வெட்டுக்கு வெட்டு வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். வணிகவியல் பட்டம் பெற்றவர், கடன் திரும்பி வரும் காலத்தைக் கணிக்கக் கற்றது வங்கியில்."

மூன்றும் ஒரே ஒழுங்கில் நடக்கின்றன: இப்போது முடிவு செய்வது, முன்பு செய்தது, இங்கே செய்த ஒரு காரியம், கற்ற இடம். நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் மூவரும் மூன்று ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். அரித்துப்போன கம்பி, எரிந்துபோகும் காயில், தேங்காய் வெட்டு என்று ஆளுக்கொரு உலகம் தெரிகிறது. தனித்தன்மையைப் பண்புச் சொற்களால் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. கடைசி வாக்கியத்தில் படிப்பும் பட்டறையும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டதையும் பார்க்கலாம். ஒருவருக்கு மட்டும் "வரை" ஒட்டிக்கொள்ளவில்லை. ஒரு குறை இருக்கிறது: நான்காவது வாக்கியம் மூன்றிலும் ஒரே வார்ப்பில் விழுகிறது. மூன்று பேருக்கு இது தாங்கும். ஐந்து பேர் இருந்தால் சலிப்பூட்டும், அப்போது அந்த வாக்கியத்தை மட்டும் தளர்த்திவிட வேண்டும்.

கணவன் மனைவி உறவை எங்கே சொல்வது? இருவர் குறிப்பிலும் சொல்லலாம், அல்லது இருவர் குறிப்பிலும் விடலாம். ஒருவர் குறிப்பில் மட்டும் சொன்னால், அவர் மற்றவர் வழியாக உள்ளே வந்தவர் என்று ஆகிவிடும். கடன் கொடுக்கும் வங்கிக்கு அந்த உறவு தெரிய வேண்டியதுதான். அதற்கு மூன்று குறிப்புகளுக்கும் மேலே, நிறுவனம் தொடங்கிய கதையைச் சொல்லும் பத்தியில் ஒரு வாக்கியம் போதும்.

பெயருக்குக் கீழே வரும் பதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொனி சீராக இருந்தும் இங்கே தடுக்கி விழுபவர்கள் உண்டு. இந்தியாவின் நிறுவனங்கள் சட்டம், 2013, இயக்குநர் யார், நிர்வாக இயக்குநர் யார் என்று வரையறுக்கிறது. இணை நிறுவனர் யார் என்று அது வரையறுக்கவில்லை. அதாவது "இணை நிறுவனர்" என்பது அவர்களுக்குள் ஒத்துக்கொண்ட பெயர். "இயக்குநர்" என்பது நிறுவனப் பதிவாளரிடம் பதிவான பொறுப்பு. மூவரில் இருவர் மட்டும் பதிவில் இயக்குநர்களாக இருந்தால், கடன் கோப்பில் மூன்று பேரையும் இயக்குநர் என்று எழுதுவது தவறான தகவல் ஆகிவிடும். மூவருக்கும் "இணை நிறுவனர்" என்று போட்டு, பதிவில் உள்ளவர்களுக்கு மட்டும் "இயக்குநர்" என்பதையும் சேர்த்து எழுதுவதே சரி.

"இணை நிறுவனர்" என்ற பெயரே வழக்குவரை போயிருக்கிறது. டெஸ்லா நிறுவனம் 2003இல் மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்பெனிங் இருவரால் பதிவு செய்யப்பட்டது. யார் நிறுவனர் என்ற கேள்வியும் அடங்கிய வழக்கை எபர்ஹார்ட் 2009இல் தொடுத்தார். அதே ஆண்டில் ஏற்பட்ட சமரசத்தின்படி, அவர்கள் இருவரோடு பின்னால் சேர்ந்த ஈலான் மஸ்க், ஜே.பி. ஸ்ட்ராபெல், இயன் ரைட் ஆகிய மூவரும் தங்களை இணை நிறுவனர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றானது. சிறு நிறுவனத்தில் இது நீதிமன்றம்வரை போகாது, மனக்கசப்புவரை போகும். அதனால் குறிப்பு எழுதத் தொடங்கும் முன்பே, யார் யாருக்கு அந்தப் பெயர் என்பதை மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.

யார் பெயர் முதலில் என்பதற்கு நியாயமான வழி எதுவும் தானாகக் கிடைக்காது. ஹியூலெட்டும் பேக்கார்டும் நிறுவனப் பெயரில் யார் முன்னால் வருவது என்பதை நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பார்கள். தமிழில் அகர வரிசை எளிது, பெயரை வைத்து அடுக்கினால். தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால் வரிசை ஒருவருடைய தந்தை பெயரைப் பொறுத்து அமையும். எந்த வரிசையானாலும், இது அகர வரிசை என்று ஒரு சிறு வரியில் சொல்லிவிட்டால் படிப்பவர் அதற்குள் படிநிலையைத் தேடமாட்டார்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு வழியை நான் தவறாமல் செய்கிறேன். பெயர்களை மறைத்துவிட்டு, நிறுவனத்தை அறியாத ஒருவரிடம் மூன்று குறிப்பையும் கொடுத்து, இந்த மூவருக்கும் நிறுவனத்தில் எவ்வளவு பங்கு இருக்கும் என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும். அவர் ஒருவருக்கு எண்பது சதவீதம் கொடுத்து, உண்மையில் மூவருக்கும் சமபங்கு என்றால், எந்த வாக்கியத்தைப் படித்து அப்படி நினைத்தார் என்று கேட்க வேண்டும். விரல் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒரு வினைச்சொல்லாகத்தான் இருக்கும்.

குறிப்பு கெட்டுப்போகவும் செய்யும். இன்னும் தொடரும் வேலையைப் பற்றி "இத்தனை ஆண்டு அனுபவம்" என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பிழை. "2019 முதல்" என்று எழுதினால் பிழையாகாது. மூவருக்கும் ஒரே நாளில் திருத்துவதும் அவசியம். இல்லாவிட்டால் கண்காட்சிக்குப் போகிற நிறுவனரின் குறிப்பு மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், பட்டறையில் இருப்பவருடையது பழசாகவே நிற்கும்.

ஒருவர் விலகிவிட்டால் என்ன செய்வது? ஆப்பிள் நிறுவனத்தை 1976இல் தொடங்கிய மூவரில் ரொனால்ட் வெய்ன் இரண்டு வாரத்துக்குள் விலகி, தன் 10 சதவீதப் பங்கை 800 டாலருக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் நிறுவனர் என்ற பெயர் அவருக்கு இன்றும் இருக்கிறது. விலகியவரை அடியோடு நீக்குவது மிச்சமிருப்பவர்களின் குறிப்பையும் பொய்யாக்கிவிடும். அவர் செய்த வேலை வேறு யாரோ செய்ததுபோல் ஆகும். பட்டறைக்காரர் ஓய்வெடுக்க ஊர் போகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் குறிப்பில் மாற்ற வேண்டியது முதல் வாக்கியம் மட்டும்தான்: "முடிவு செய்பவர்" என்பதை "2019 முதல்" என்று தொடங்கி, விலகிய ஆண்டையும் சேர்த்து, "முடிவு செய்தவர்" என்று திருத்தினால் போதும். மோட்டாரைக் காக்கும் ஏற்பாட்டைப் பற்றிய வாக்கியம் இறந்த காலத்தில் இருப்பதால் அதில் கை வைக்க வேண்டியதில்லை.